துண்டுக்குள் எது, வெளியே எது: வீட்டு விலை பேசும்போது நேர்மையின் எல்லைகள்

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். விற்பவரும் வாங்குபவரும், அல்லது அவர்களுக்காகத் தரகரும், ஒரு துண்டுக்குள் கையை விட்டு விரல்களைப் பிடித்து விலை சொல்லிக்கொள்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும். துண்டுக்குள் எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவுக்கு இறங்கினார்கள் என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே வெளிச்சம். ஆனால் மாடு துண்டுக்கு வெளியே வெயிலில் நிற்கிறது. வாயைத் திறந்து பல் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் கூட்டிக் கேட்டவனைச் சந்தை குறை சொல்லாது. இரண்டு வேளை கறக்காமல் விட்டு, மடியைப் பெரிதாக்கிக் காட்டி மாட்டை விற்றவனை மறுவாரம் அதே சந்தை முகம் கொடுத்துப் பேசாது.

பேரத்தில் எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்று எனக்குப் புரிந்தது அந்தத் துண்டை வைத்துத்தான். என் விலை, என் அவசரம், என் மனக்கணக்கு ஆகியவை துண்டுக்குள் இருக்கலாம். விற்கும் பொருள் வெளியே நிற்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. அப்பாவின் வீட்டை விற்க நானும் அண்ணனும் உட்கார்ந்தபோது, எது என் மனக்கணக்கு, எது பொருளின் குணம் என்று பிரிப்பதே பாதி வேலையாக இருந்தது. அந்த வீட்டையே எடுத்துக்காட்டாக வைத்து ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: பேசப் போவதற்கு முன் எழுதுங்கள்

வாங்குபவர் வருவதற்கு முந்தைய நாளே ஒரு தாளை இரண்டாகப் பிரித்து எழுதிவிடுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்த பிறகு யோசித்தால் வாயில் எது வருகிறதோ அதுதான் பதில். பெரும்பாலான பேரப் பொய்கள் திட்டமிட்டுச் சொல்லப்படுபவை அல்ல, எதிர்பாராத கேள்விக்கு அவசரத்தில் வந்து விழுபவை.

எங்கள் தாளின் இடது பக்கத்தில் இருந்தவை இவை. கேட்கும் விலை 58 லட்சம். அதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்திருந்த விலை 50 லட்சம். அண்ணனின் மகளுக்கு ஜூன் மாதத்தில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால் மே முடிவுக்குள் பணம் தேவை. நான்கு மாதங்களாக வேறு யாரும் வந்து பார்க்கவில்லை.

வலது பக்கத்தில் வீட்டைப் பற்றி எழுதினோம். பின்சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. கிணறு மே மாதத்தில் வற்றுகிறது. கொல்லையில் சிமென்ட் பலகைகளுக்கு அடியில் இருக்கும் செப்டிக் டேங்கில் ஏறத்தாழ கால் பங்கு பக்கத்து மனைக்குள் போயிருக்கிறது. அந்தக் காலத்தில் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் வாய்வார்த்தையாகப் பேசிக் கட்டியது அது.

இந்த வலது பக்கத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவான கொடுக்கல் வாங்கலில் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 மௌனத்தை அவ்வளவு கடுமையாகப் பார்ப்பதில்லை. அதன் 17ஆம் பிரிவு தரும் எடுத்துக்காட்டே ஒரு குதிரைதான். குதிரைக்குக் குறை இருப்பது தெரிந்தும் வாய் திறக்காமல் ஏலத்தில் விற்பவன் மோசடி செய்தவன் ஆகமாட்டான். ஆனால் வாங்குவது அப்போதுதான் பருவம் எய்திய அவனுடைய சொந்த மகள் என்றால், அந்த உறவே அவனுக்குச் சொல்லும் கடமையைத் தந்துவிடுகிறது. “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குபவர் சொன்ன பிறகும் விற்பவன் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

வீடும் நிலமும் வந்தால் கயிறு இன்னும் இறுகுகிறது. சொத்து மாற்றுச் சட்டம், 1882இன் 55ஆம் பிரிவின்படி, சொத்திலோ அதன் உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரை சொல்லாமல் விடுவதே மோசடி என்று அந்தப் பிரிவு கணக்கில் வைக்கிறது. கேட்டார்களா, கேட்கவில்லையா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இந்த அளவுகோலை எங்கள் தாளில் வைத்துப் பார்த்தோம். ஓதம் கண்ணுக்குத் தெரிகிறது. கொல்லைக்குப் போய்த் திரும்பிப் பார்ப்பவர் யாரும் கவனிப்பார். கிணறு எந்த மாதத்தில் வற்றும் என்பது மார்ச் மாதத்தில் எட்டிப் பார்த்தால் தெரியாது, அக்கம்பக்கத்தில் விசாரித்தால் தெரியும். செப்டிக் டேங்க் மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியாதது. பலகையைப் பெயர்த்து, நாடாவைப் பிடித்து, வரைபடத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். வீடு வாங்க வருபவர்கள் அதையெல்லாம் செய்வதில்லை. ஆகவே டேங்கை நாங்களாகவே சொல்ல வேண்டும் என்று முடிவானது. அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. “கேட்டால் சொல்வோம்” என்றார். கேட்கத் தெரியாத ஒன்றை யார் கேட்பார்கள்?

விலையும் வர்ணனையும்

கேட்கும் விலையைக் கூட்டிச் சொல்வது பொய் அல்ல. 58 என்று சொல்லும்போது “இதற்குத்தான் விற்பேன்” என்று நான் சாட்சி சொல்லவில்லை, பேச்சைத் தொடங்குகிறேன். எதிரில் இருப்பவருக்கும் அது தெரியும். “ஐம்பத்தைந்துக்குக் கீழே எங்களுக்குக் கட்டாது” என்று பேச்சின் நடுவில் சொல்வதும் ஏறக்குறைய அப்படித்தான். மனத்தில் 50 இருக்கும்போது அப்படிச் சொல்வது மெய் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் அதை மெய் என்று எடுத்துக்கொண்டு காசை எண்ணுவதில்லை. துண்டுக்குள் அழுத்தும் விரல் அது.

அதே வாக்கியம் எப்போது துண்டை விட்டு வெளியே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். “அம்மா மேல் சத்தியமாக ஐம்பத்தைந்துதான் கடைசி” என்றால் அது பேரப் பேச்சின் விதிகளிலிருந்து வெளியேறிவிடுகிறது. கேட்பவர் அதை உண்மை என்று நம்ப வேண்டும் என்பதற்காகத்தானே சத்தியத்தைச் சேர்க்கிறோம்? எதிரில் இருப்பவர் பேரம் பேசிப் பழகாதவராக இருந்து, “நீங்களே ஒரு நியாயமான விலை சொல்லுங்கள், நான் மேலே பேசப் போவதில்லை” என்று சொல்லிவிட்டாலும் அப்படித்தான். அவர் தன் கையைத் துண்டுக்குள் விடவே இல்லை. அவரிடம் 58 என்று சொல்வது பேரம் ஆகாது, பறிப்பு.

வர்ணனைக்கு எளிய விதி ஒன்று இருக்கிறது. அளக்க முடியாததைப் புகழலாம், அளக்க முடிவதை அளந்தபடியே சொல்ல வேண்டும். “ராசியான வீடு, காற்று அள்ளிக்கொண்டு போகும்” என்பதைக் கேட்டு யாரும் ஏமாறுவதில்லை. “பஸ் நிலையம் ஐந்து நிமிட நடை” என்பது அளக்கக்கூடியது. பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்து என்றே சொல்லுங்கள்.

சொல்ல விரும்பாததை எப்படிச் சொல்லாமல் இருப்பது

மறைக்க உரிமை உள்ளதை மறைப்பதற்குப் பொய் தேவையில்லை, பழகிய ஒரு பதில் போதும். வீடு பார்க்க வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். கூடவே அவருடைய மருமகனும் வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்ததும் ஆசிரியர் கேட்டார்: “ஏன் தம்பி விற்கிறீர்கள்?” நான் சொன்னேன்: “ஊரில் தங்க யாரும் இல்லை ஐயா. பூட்டியே கிடக்கிறது.” அது உண்மை. ஜூன் மாதக் கட்டணத்தை நான் சொல்லவில்லை, சொல்லும் கடமையும் எனக்கு இல்லை.

மருமகன் விடவில்லை. “அவசரமாகப் பணம் தேவையோ?” என்று நேராகவே கேட்டார். இந்த இடத்தில்தான் “அவசரமா? இன்னும் இரண்டு வருடம் வைத்திருப்போம்” என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. முந்தைய நாள் எழுதி வைத்திருந்த பதிலைச் சொன்னேன்: “எங்கள் வீட்டுக் கணக்கை விட்டுவிடுவோம். வீட்டைப் பற்றி எது கேட்டாலும் சொல்கிறேன்.” அவர் அதிலிருந்து எதையாவது ஊகித்திருக்கலாம். ஊகிக்கட்டும். அவசரமே இல்லாதபோதும் இதே பதிலைச் சொல்லும் வழக்கம் உள்ளவருக்கு இந்தப் பதில் எதையும் காட்டிக்கொடுக்காது. விலைக் கேள்விகளுக்கு எப்போதும் ஒரே பதிலை வைத்திருப்பதன் பயன் அது.

பாதி உண்மை

முழுப் பொய்யைவிட இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன், ஏனென்றால் சொல்பவருக்கே உறுத்துவதில்லை. கிணற்றை எட்டிப் பார்த்த மருமகன் கேட்டார்: “கோடையில் தண்ணீர் இருக்குமா?” அண்ணன் உடனே சொன்னார்: “எங்கள் அப்பா காலத்தில் இந்தக் கிணறு வற்றி நாங்கள் பார்த்ததே இல்லை.”

ஒவ்வொரு சொல்லும் மெய். அப்பா இறந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகுதான் தெருவில் வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள், அதற்குப் பிறகுதான் எங்கள் கிணறு மே மாதத்தில் வற்றத் தொடங்கியது. மருமகன் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அந்தத் தலையாட்டலைப் பாருங்கள், அங்கேதான் சோதனை இருக்கிறது. நான் சொன்னதிலிருந்து அவர் மனத்தில் எழுந்த படம் எது, அது பொய்ப் படம் என்று எனக்குத் தெரியுமா, அதை எழுப்பத்தான் இந்தச் சொற்களைத் தேர்ந்தேனா? மூன்றுக்கும் ஆம் என்றால், சொற்கள் மெய்யாக இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. பேசாமல் இருந்திருந்தால்கூட அவர் அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பார். பாதி உண்மை அந்த விசாரணையையும் நிறுத்திவிடுகிறது.

நான் அறைக்குள் போய், “இப்போதெல்லாம் மே மாதத்தில் வற்றுகிறது, ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்” என்று சேர்த்துச் சொன்னேன். அண்ணன் அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை.

கையால் செய்யும் பாதி உண்மையும் உண்டு. ஓதம் ஏறிய சுவருக்கு, ஆள் வருவதற்கு முந்தைய வாரம் பெயின்ட் அடிப்பது அது. விற்கும் முன் வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடிப்பதில் தவறே இல்லை. ஓதம் ஏறிய அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால், கண்ணுக்குத் தெரிந்த குறையைக் கண்ணுக்குத் தெரியாததாக மாற்றுகிறோம். ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதையும் மோசடி என்றே எண்ணுகிறது. சும்மா இருந்தவனுக்கும் மூடி மறைத்தவனுக்கும் நடுவே சட்டம் இழுக்கும் கோடு அந்த பெயின்ட் அளவுக்கு மெல்லியது.

இல்லாத இன்னொரு ஆள்

ஆசிரியர் 49 லட்சம் என்றார், நாங்கள் 56க்கு இறங்கியிருந்தோம். பேச்சு அங்கேயே நின்றது. மூன்றாம் நாள் தரகர் எங்களைக் கேட்காமல் ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்: “சென்னையிலிருந்து ஒருவர் ஐம்பத்தைந்து சொல்லிவிட்டார், நாளை அட்வான்ஸ் தருகிறார்.” அப்படி யாருமே இல்லை. எங்களிடம் வந்து பெருமையாகச் சொன்னபோது நான் அதிர்ந்துபோனேன். அவரோ “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுவதில்லையா?” என்று சிரித்தார்.

ஐம்பத்தைந்துதான் கடைசி என்று நான் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று அண்ணன் கேட்டார். இரண்டுமே மெய் அல்ல, இரண்டுமே விலையை ஏற்றத்தான். என் பதில் இது: முன்னது என் மனத்தைப் பற்றியது. என் மனம் மாறக்கூடியது என்று கேட்பவருக்குத் தெரியும், அதற்கேற்பத் தள்ளுபடி செய்தே கேட்பார். பின்னது உலகத்தில் நடந்ததாகச் சொல்லும் ஒரு செய்தி. அதை அவர் தள்ளுபடி செய்ய வழியில்லை. நம்ப வேண்டும், இல்லையென்றால் நம்மைப் பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். நாளைக்குள் முடிவெடு என்ற போலிக் கெடுவும் அவர் கழுத்தில் விழுகிறது. பேரம் சீட்டாட்டம் போன்றது, எல்லாரும் மறைத்துத்தான் ஆடுகிறார்கள் என்று வாதிடுபவர்கள் உண்டு. சீட்டாட்டத்தில்கூடக் கையில் உள்ள சீட்டை மறைக்கலாம், சீட்டுக்கட்டில் இல்லாத சீட்டைச் செருகக் கூடாது.

தரகர் சொன்னதுதானே என்று நாம் ஒதுங்கவும் முடியாது. நமக்காகப் பேசப் போனவர் தன் வேலையின் போக்கில் சொல்லும் பொய்யை, நாமே சொன்னதாகத்தான் ஒப்பந்தச் சட்டத்தின் 238ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. ஆகவே தரகரிடம் முதல் நாளே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்: எங்களைக் கேட்காமல் எந்த எண்ணும் சொல்லக் கூடாது, இல்லாத ஆளை உருவாக்கக் கூடாது. நாங்கள் அதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு.

அன்றே ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். “ஐயா, சென்னை ஆள் என்று தரகர் சொன்னது சரியல்ல. இப்போதைக்கு வேறு யாரும் விலை சொல்லவில்லை. நாங்கள் 56இல் நிற்கிறோம், நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்.” மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, “வீட்டில் வேறு ஏதாவது இருக்கிறதா தம்பி?” என்றார். செப்டிக் டேங்கைப் பற்றி அப்போது சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது அது. அவர் விலை சொல்வதற்கு முன். விலை சொன்ன பிறகு சொன்னால் அவர் தன் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது.

வாங்குபவர் பக்கம்

வாங்குபவரும் இதே துண்டுக்குள் கை விட்டவர்தான். “வேறு இரண்டு வீடுகள் பார்த்திருக்கிறேன்” என்பதை உண்மையில் பார்த்திருந்தால்தான் சொல்ல வேண்டும். வீட்டுக் குறைகளை ஊதிப் பெருக்குவதும் பொய்தான். சுவருக்கு மேல்பூச்சு போதும் என்று தன் மேஸ்திரி சொன்ன பிறகு, “இடித்துக் கட்டச் சொல்கிறார்” என்று விற்பவரிடம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிக்கலானது வேறொன்று. வாங்குபவருக்குத் தெரிந்து, விற்பவருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று இருந்தால் என்ன செய்வது? இதற்குப் புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. 1815இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் முடிந்து சமாதானம் ஆன செய்தி நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு வந்தது. ஊருக்குப் பரவும் முன்பே அதை அறிந்த ஆர்கன் என்ற வணிகர், லெய்ட்லா நிறுவனத்திடம் 111 பெரிய பீப்பாய் புகையிலை வாங்கினார். விலையைக் கூட்டக்கூடிய செய்தி ஏதும் உண்டா என்று விற்பவர் கேட்டார். ஆர்கன் வாய் திறக்கவில்லை. செய்தி பரவியதும் விலை 30 முதல் 50 சதவீதம் ஏறியது. 1817இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி மார்ஷல், இருவருக்கும் சமமாக எட்டக்கூடிய வெளியுலகச் செய்தியைச் சொல்லும் கடமை வாங்குபவருக்கு இல்லை என்றார். ஆனால் ஏமாற்றும்படி எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றும் சொல்லி, அப்படி ஏதும் நடந்ததா என்று பார்க்க வழக்கைத் திருப்பி அனுப்பினார்.

நம் சட்டமும் இதே போக்கில்தான் போகிறது. சந்தை விலை மாறப்போவதை அறிந்த வணிகர் மற்றவரிடம் சொல்லத் தேவையில்லை என்பது 17ஆம் பிரிவின் இன்னோர் எடுத்துக்காட்டு. ஆனால் சொத்து விற்பனையில், விற்பவருக்கு உள்ள உரிமையின் தன்மையோ அளவோ அவர் நினைப்பதைவிடப் பெரியது என்று வாங்குபவருக்குத் தெரிந்து, அது மதிப்பை நன்றாகவே கூட்டுவதாக இருந்தால், அதை வாங்குபவர் சொல்ல வேண்டும். பக்கத்தில் புறவழிச்சாலை வருகிறது என்று செய்தித்தாளில் படித்தவர் சொல்லாமல் வாங்கலாம். ‘உங்கள் பங்கு அரைப்பங்கு அல்ல, முழுவதும் உங்களுடையதே’ என்று பத்திரத்தைப் படித்துத் தெரிந்துகொண்டவர் சொல்லாமல் வாங்கக் கூடாது. விற்பவர் தனியாக இருக்கும் முதியவர், உங்களைப் பிள்ளை போல நம்புகிறவர் என்றால், புறவழிச்சாலையையும் சொல்லிவிட வேண்டும் என்பேன். அது சட்டம் சொல்வது அல்ல, என் முடிவு.

எதிராளி சொல்வதைச் சோதிப்பது

மறைப்பவரையும் பொய் சொல்பவரையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: “இதை அக்ரிமென்ட்டில் ஒரு வரியாகச் சேர்ப்போமா?” வீட்டுக் கணக்கை மட்டும் மறைப்பவர் தயங்கமாட்டார். ‘கிணறு வற்றாது’, ‘வழக்கு எதுவும் இல்லை’ என்று வாயால் சொன்னவர் எழுத மறுத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். இல்லாத ஆளைக் காட்டி நெருக்கினால், “அவர் எவ்வளவு அட்வான்ஸ், எத்தனை மாதக் கெடு?” என்று விவரம் கேளுங்கள். உண்மையான ஆளுக்கு விவரம் இருக்கும்.

உங்கள் பங்குக்கும் விசாரிக்க வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் அவுரித் தொழிற்சாலை எடுத்துக்காட்டு ஒன்று வருகிறது. ஆண்டுக்கு 500 மணங்கு அவுரி தயாராகிறது என்று தவறாக நம்பவைக்கப்பட்டவர், கணக்குப் புத்தகத்தில் 400தான் என்று பார்த்த பிறகும் வாங்கினால், பின்னால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. வில்லங்கச் சான்றிதழை மட்டும் நம்பி நின்றுவிடவும் கூடாது. பதிவு செய்யாத விற்பனை ஒப்பந்தம் அதில் வராது. நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கும் தனியே பதிவாகியிருந்தால் தவிர வராது.

எங்கள் வீட்டில் ஆசிரியர் மேஸ்திரியோடு வந்தார். சிமென்ட் பலகையைப் பெயர்த்து, நாடா பிடித்து அளந்தார்கள். புதிய டேங்க் கட்ட 1,40,000 ரூபாய் ஆகும் என்று மேஸ்திரி கணக்குப் போட்டார். நாங்கள் 54க்கு இறங்கினோம், அவர் 51க்கு வந்தார். இரண்டு நாள் கழித்து 52 லட்சத்துக்கு முடிந்தது. டேங்க் செலவு அவருடையது. எங்கள் அடிமட்ட விலை 50 என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அக்ரிமென்ட்டில் எழுதிய வரிகள் இவை:

“கொல்லையில் உள்ள செப்டிக் டேங்கின் ஒரு பகுதி வடபுறத்து மனைக்குள் அமைந்திருப்பதையும், கிணறு கோடையில் வற்றக்கூடியது என்பதையும் விற்பவர்கள் தெரிவித்து, வாங்குபவர் நேரில் பார்வையிட்டு, அவற்றைக் கருத்தில் கொண்டே மேற்கண்ட விலைக்குச் சம்மதித்திருக்கிறார்.”